சிவப்பில் போட்ட வரிகள்

அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எங்கள் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்களுக்கு உதவுவதற்கென்று ஓர் அறை இருக்கிறது. அதில் நான் குறிப்பெழுத்தாளர். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். மற்ற பிள்ளைகள் வந்தால் வணக்கம் சொல்வார்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இவள் நாற்காலியைத் தடவி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, ஸ்லைடில் இருப்பதைத் தருவீர்களா, உங்களுக்குப் புரிந்ததைத் தருவீர்களா என்பது. இரண்டும்தான் என்றேன்.

"அப்போ ரெண்டையும் பிரிச்சுப் போடுங்க மேடம். எது புரொபசர் அச்சடிச்சது, எது நீங்களா நினைச்சதுன்னு எனக்குத் தெரியணும்."

பதினேழு வருடம் தட்டச்சு செய்த கை என்னுடையது. இருபத்தோரு வயசுப் பெண் எனக்கு வேலை சொல்லித் தருகிறாள். போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மனசுக்குள் அவளுக்கு வக்கீல் என்று பேர் வைத்தேன். அந்தப் பேர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அவள் படித்தது உளவியல். அதில் ஆய்வு முறைகள் என்று ஒரு பாடம். அந்தப் பேராசிரியர் தன் ஸ்லைடுகளை யாருக்கும் கொடுக்க மாட்டார். கொடுத்தால் ஒருத்தரும் வகுப்புக்கு வர மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு மாணவி, திரையில் வரும் ஒவ்வொரு ஸ்லைடையும் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். படங்கள் கோணல்மாணலாக வரும். மேலே எரியும் விளக்கு நடுவில் வெள்ளைத் திட்டாக விழுந்திருக்கும். முன்வரிசைத் தலைகள் கீழ்ப்பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கும். நான் அதையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்து, சுருக்கி, படிக்கத் தோதான குறிப்பாகத் தட்டச்சு செய்து கோப்பாக அனுப்ப வேண்டும். அவள் போனில் இருக்கும் ஸ்கிரீன் ரீடர் அந்தக் கோப்பை வாய்விட்டுப் படிக்கும். அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, நமக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள்.

பிரித்துப் போடச் சொன்னாள் அல்லவா, பிரித்துத்தான் போட்டேன். அச்சில் இருந்ததைக் கறுப்பில் போட்டேன். நானாக ஊகித்ததைச் சிவப்பில் போட்டேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. எங்கள் பொறுப்பாளர் அதில் இரண்டு பக்கங்களை வண்ணத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, பார்வையிட வந்த மேலிடத்துக்காரர்களிடம் காட்டினார். அவர்கள் தலையாட்டிப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் இப்படியே போயிற்று. வக்கீலும் ஒரு குறையும் சொல்லவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் பேராசிரியரே எங்கள் அறைக்கு வந்தார். கையில் வக்கீல் எழுதிய கட்டுரை இருந்தது. கதவருகே நின்றபடியே அதில் ஒரு வாக்கியத்தை வாசித்தார். 'அதிக நேரம் தூங்கினால் மதிப்பெண் கூடும் என்று பேராசிரியரின் பதினான்காம் ஸ்லைடு கூறுகிறது.' வாசித்துவிட்டு, தன் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தார். பதினான்காம் ஸ்லைடு. 'தூக்க நேரமும் தேர்வு மதிப்பெண்ணும்' என்று தலைப்பு. மாணவர்கள் 48 பேர், ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறுகின்றன என்ற அளவு, 0.62. நடுவில் ஒரு புள்ளி வரைபடம். அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'காரணம் எது என்று இந்தத் தரவு சொல்லாது.'

இரண்டு விஷயம் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று சொல்லக் கூடாது. அதைப் புரியவைக்கத்தான் அந்த ஸ்லைடையே போட்டேன் என்றார். அதற்கு நேர் எதிரானதை என் பேரில் எழுதி, ஸ்லைடு எண்ணையும் போட்டிருக்கிறாள். இது இட்டுக்கட்டிய மேற்கோள், ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு எழுதிவிட்டேன், நிரூபணமானால் அந்தப் பாடமே ரத்து, ஒரு வருடம் போகும் என்றார். "நான் சொல்லாததை என் வாயில திணிக்க யாருக்கும் உரிமை இல்ல" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பயமில்லை. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 'தூக்கம் கூடினால் மதிப்பெண் கூடும்.' பளிச்சென்று சிவப்பில் இருந்தது. என் ஊகத்தைக் கொண்டுபோய் அவர் சொன்னதாக எழுதியது அவள் தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். சொல்லப்போனால், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

வக்கீல் அன்று மத்தியானம் வந்தாள். விசாரணைக் கடிதம் அவளுக்கும் போயிருந்தது. நான் அனுப்பிய குறிப்பில் அந்த வரி அப்படியே இருக்கிறதே, அது ஸ்லைடில் இல்லையா என்று கேட்டாள். இல்லை, அது என் ஊகம் என்றேன். அப்படியென்றால் ஏன் பிரித்துப் போடவில்லை என்றாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போது பொங்கிவிட்டது.

"எல்லாத்தையும் பிரிச்சுத்தாம்மா போட்டிருக்கேன். என்னோடது அத்தனையும் சிவப்பு எழுத்துல இருக்கு. கவனிச்சுப் படிக்காதது உன் தப்பு."

அவள் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். காதில் மாட்டும் கருவியைக் கழற்றினாள். ஸ்கிரீன் ரீடரின் வேகத்தைக் குறைத்தாள், எனக்கும் புரியட்டும் என்று. பதினான்காம் ஸ்லைடின் குறிப்பை அது படித்தது. மாணவர்கள் நாற்பத்தெட்டு பேர். ஒட்டுறவுக் கெழு பூச்சியம் புள்ளி ஆறு இரண்டு. தூக்கம் கூடினால் மதிப்பெண் கூடும். ஒரே குரல், ஒரே ஏற்ற இறக்கம். நிறத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமாகப் போய் அப்படிச் சொல்லும்படி மாற்றி வைத்தாலொழிய அது சொல்லாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அறையில் நான் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன்.

"என்ன நிறம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சமாளித்திருக்கலாம்.

"மூணு மாசமா ஊகம்னு ஒரு வரிகூட கேக்கல. அதனால நீங்க ஊகிக்கவே இல்ல, இருக்கிறதை மட்டும்தான் தர்றீங்கன்னு நினைச்சேன். நல்லா வேலை செய்றவங்கன்னு என் அம்மாகிட்டகூட சொன்னேன்."

போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் கணவர், அவளுக்கு நீ செய்ததே பெரிது, இதற்கெல்லாம் மனசைக் குழப்பிக்கொள்ளாதே என்றார். அவர் என் பக்கம் நின்று பேசப் பேச எனக்கு எரிச்சல்தான் கூடியது. பள்ளிக்கூடம் போகும் என் மகள் மட்டும் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, சிவப்பு என்றால் அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவளை அதட்டிப் படிக்கவைத்தேன்.

மறுநாள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. 'சிவப்பு எழுத்துகள் உதவியாளரின் ஊகங்கள் என்பது மாணவிக்கு முதல் நாளே வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது.' கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். அறையின் பேர் கெட்டால் எல்லாருக்கும் கஷ்டம், ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் வேறு என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை, அக்கறையாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். வக்கீல்மேல் எனக்கு அப்போதும் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் நான் சொல்லாத ஒன்றை என் பேரில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைத்ததும் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதைத்தானே அந்தப் பேராசிரியரும் சொல்லிவிட்டுப் போனார். பதினான்காம் ஸ்லைடின் படத்தைத் திரும்பத் திறந்தேன். கீழே ஒரு மாணவனின் தலை, நல்ல அடர்த்தியான முடி. அந்த முடிக்குமேல் எழுத்துகளின் கொம்புகளும் சுழிகளும் எட்டிப்பார்த்தன. அங்கே ஒரு வரி இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. படிக்க முடியவில்லை, விட்டுவிட்டேன். விட்டேன் என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. அது போதாதென்று அந்த வரியின் இடத்தில் என்னுடையதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

விசாரணை ஒரு சின்னக் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, மூன்று உறுப்பினர்கள், தண்ணீர் பாட்டில்கள். பேராசிரியர் ஒரு பக்கம், வக்கீல் எதிர்ப்பக்கம். தலைமை உறுப்பினர் என்னிடம் நிறத்தைப் பற்றி மாணவிக்குச் சொன்னீர்களா என்று கேட்டார். பொறுப்பாளர் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை என்றேன். பிறகு கேட்காததையும் சொன்னேன். படத்தில் அடியில் ஒரு வரி இருந்தது, தலை மறைத்திருந்தது, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் குறிப்பில் எழுதவில்லை என்றேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பேராசிரியர் இறங்கி வரவில்லை. சரி, ஒரு வரி அப்படி, மற்ற கோப்புகளிலும் எது என் வார்த்தை, எது இந்த அம்மாவின் வார்த்தை என்று யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கறுப்பில் இருப்பது எல்லாம் அச்சில் உள்ளது, சிவப்பு மட்டும்தான் என்னுடையது, ஒரு வரிகூடத் தப்பாது என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். இட்டுக்கட்டினாள் என்ற குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். ஆனால் பேராசிரியர் விடவில்லை. அந்தப் பாடம் முழுவதும் அவள் தப்பாகப் படித்திருக்கிறாள், அப்படியே மதிப்பெண் போட முடியாது என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் பத்து நாள் கழித்து ஒரு வாய்மொழித் தேர்வு என்று முடிவாயிற்று. ஸ்லைடுகளிலிருந்து கேட்பார்கள். எது அதில் இருக்கிறது, எது இல்லை என்று அவள் பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாடம் ரத்து.

ஸ்லைடுகளை அவளுக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று ஓர் உறுப்பினர் சொல்லிப் பார்த்தார். தேர்வு முடியட்டும் என்றார் பேராசிரியர். ஆக, அவளுக்கு இருந்தது என் குறிப்புகள் மட்டும்தான்.

வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம் நன்றி சொல்லவில்லை. எத்தனை நாளில் எல்லாவற்றையும் திருத்தித் தர முடியும் என்று கேட்டாள். எட்டு நாள் என்றேன். எப்படி வேண்டும் என்று இந்த முறை நானே கேட்டேன். அவள் வரிசையாகச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். அச்சில் இருக்கும் வார்த்தைகளுக்கு முன்னால் 'அச்சில்' என்று போட வேண்டும். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிவதை 'படத்தில்' என்று போட வேண்டும். புள்ளிகள் இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறுகின்றன என்று சொல்லலாம், ஏன் ஏறுகின்றன என்று சொல்லக் கூடாது. மறைந்ததும் மங்கலானதும் 'தெரியவில்லை'. என் மூளையில் உதித்தது 'ஊகம்', அது முடியும் இடத்தில் 'ஊகம் முடிந்தது' என்றும் இருக்க வேண்டும். காதால் கேட்பவளுக்கு எங்கே முடிகிறது என்று வேறெப்படித் தெரியும்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள். சிவப்பைத் தேடித்தேடி முன்னால் 'ஊகம்' என்று போட்டுக்கொண்டு போனால் போதும், நான்கு நாள் வேலை என்றுதான் நினைத்தேன். முதல் நாள் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள், மறைந்த வரிகளைக் குறிப்பதற்காகப் படங்களையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இருபத்தேழாம் ஸ்லைடில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'மன அழுத்தம்', மற்றதில் 'மறதி'. நடுவில் ஓர் அம்பு. அவ்வளவுதான். என் குறிப்பில் 'மன அழுத்தத்தால் மறதி உண்டாகிறது' என்று இருந்தது. கறுப்பில்.

அம்புக்குறியை வாக்கியமாக்கியது நான். அது ஊகம் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அதன்பின் ஒவ்வொன்றையும் படத்தோடு வைத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் 'சிலர்' என்று இருந்ததை 'பெரும்பாலோர்' ஆக்கியிருந்தேன். ஓர் இடத்தில் மங்கலான எண் ஆறா எட்டா என்று தெரியாமல் எட்டு என்று போட்டிருந்தேன். 'க.கு.' என்று இருந்ததைக் கட்டுப்பாட்டுக் குழு என்று விரித்திருந்தேன். சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் அச்சில் இல்லை. எல்லாம் கறுப்பு. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால், ஒரு வரிகூடத் தப்பாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கறுப்பு.

இதை யாரிடமும் சொல்லாமல் திருத்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் அந்தக் கறுப்பு வரிகளை ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எது மாறியது என்று சொல்லாமல் புதுக் கோப்பைக் கொடுத்தால், தெரிந்ததுதானே என்று அந்த இடங்களை ஓட்டிவிடுவாள். தேர்வில் அங்கே கேட்டால் மாட்டிக்கொள்வாள். எட்டாம் நாள் காலையில் கூப்பிட்டுச் சொன்னேன். கறுப்பிலும் இருக்கிறது, முப்பத்தொன்று என்றேன்.

"இது எண்ணினதா, தோராயமா?"

எண்ணினேன் என்றேன். இன்னொரு தடவை எண்ணுவோம், நான் இருக்கிறேன் என்றாள். அன்று முழுக்க உட்கார்ந்தோம். நான் படத்தில் இருப்பதை வாசிப்பேன், அவள் பழைய கோப்பை ஓடவிட்டு ஒப்பிடுவாள். நடுநடுவே நிறுத்தி, இப்போது வாசித்தது அப்படியே இருக்கிறதா, நீங்கள் வார்த்தையை மாற்றினீர்களா என்று கேட்பாள். ஐந்தாறு தடவை மாற்றித்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வாசித்தேன். சாயங்காலம் முப்பத்து நான்கு வந்தது.

தேர்வில் அவள் தேறினாள். பேராசிரியர் கேட்ட ஏழு கேள்வியில் ஒன்று இருபத்தேழாம் ஸ்லைடு. அச்சில் இரண்டு வார்த்தை, படத்தில் ஓர் அம்பு, அம்புக்கு என்ன அர்த்தம் என்று ஸ்லைடு சொல்லவில்லை என்றாளாம். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாராம். பக்கத்து இருக்கை மாணவி சொன்னாள்.

மறுநாள் வக்கீல் எங்கள் அறைக்கு வந்து ஒரு படிவம் கேட்டாள். உதவியாளரை மாற்றக் கோரும் விண்ணப்பம். பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். படிவத்தைக் கையால் நிரப்ப வேண்டும், அறையில் எழுதுவதற்கு என்னைவிட்டால் ஆளில்லை. அச்சடித்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பெயர், வகுப்பு, தற்போதைய உதவியாளர் பெயர் எல்லாம் எழுதியானபிறகு, மாற்றக் காரணம் என்று ஒரு பெட்டி இருந்தது. அவள் யோசிக்காமல் சொன்னாள்.

"கறுப்பு வரிகள் எல்லாம் ஸ்லைடில் உள்ளவை என்று இவர் விசாரணைக் குழு முன் சொன்னார். முப்பத்து நான்கு வரிகள் ஸ்லைடில் இல்லை. இதை இவரே கண்டுபிடித்து என்னிடம் சொன்னார்."

இந்தத் தாள் மேலே போனால் என் ஒப்பந்தம் அத்தோடு சரி. கடைசி வாக்கியத்தை முதலில் போடலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. தெரியாமல் நடந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எவ்வளவோ குறையும். அவளுக்குத் தெரியவே போவதில்லை. கை ஒரு நிமிஷம் நின்றது. அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை.

சொன்ன வரிசையில், சொன்ன வார்த்தைகளில் எழுதினேன். திரும்ப வாசித்துக் காட்டினேன்.

"வேற ஏதாவது சேர்த்தீங்களா?"

"இல்ல."

கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்து, அவள் விரலைப் பிடித்துக் கையெழுத்துக் கோட்டின்மேல் கொண்டுபோய் வைத்தேன்.